முப்பது செக்கனுக்குள் ஒரு கிணறு

தண்ணீரைச் சேமிப்போம் என்று வரும் விழிப்புணர்வு வீடியோக்களில் அனேகமாக ஒரு பைப் சொட்டிக்கொண்டிருக்கும். பிறகு வெடித்த நிலம், ஒரு பிள்ளையின் முகம், சோகமான வயலின். வகுப்பு வேலைக்காக அப்படி ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டி வந்தபோது, அதை வட்டுக்கோட்டையில் அம்மம்மா வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பினம் எண்டுதான் யோசித்தேன். அங்கே தண்ணி கிணத்தில இருந்து வருது. அம்மம்மாவின் பயம் தண்ணி முடிஞ்சுபோகும் எண்டதில்லை, சவராப் போகும் எண்டதுதான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கு. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. வழுக்கை ஆறும் மாரியில் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத்தண்ணிக்கு மேலே மிதக்குது. உப்புத்தண்ணி கொஞ்சம் பாரம் கூட, அதனால்தான் இரண்டும் இலகுவில் கலப்பதில்லை. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. பம்ப் போட்டு வேகமாக இறைத்தால், பம்புக்கு நேர் கீழே சவர் கூம்பு மாதிரி மேலெழும்பி வரும். தேத்தண்ணியின் ருசி மாறும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஆக, சொல்ல வேண்டியது சொட்டுற பைப்பைப் பற்றி இல்லை. இதுதான் ஸ்கிரிப்ட்:

| காட்சி | குரல் |
|---|---|
| 0–5: தோட்டக் கிணறு, மேலிருந்து. தண்ணீரில் வானம் தெரிகிறது. பம்ப் சத்தம். | (இல்லை) |
| 5–12: கண்ணாடிக் கிளாஸ். அடியில் சிவப்புச் சாயம் கலந்த உப்புத்தண்ணீர், மேலே தெளிந்த தண்ணீர். | எங்கட கிணத்தில நல்ல தண்ணி மேல. சவர் கீழ. |
| 12–19: தெளிந்த தண்ணீருக்குள் சிரிஞ்ச். வேகமாக இழுக்க, சிவப்பு எழும்பி உள்ளே வருகிறது. | ஒரேயடியா இறைச்சா, சவர் மேல ஏறும். |
| 19–24: அம்மம்மா தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்து, கோப்பையைக் கீழே வைக்கிறா. | (இல்லை) |
| 24–30: கை சுவிட்சை அணைக்கிறது. பம்ப் சத்தம் நிற்கிறது. | ஊற விட்டு இறையுங்கோ. |

இரண்டு பத்திக்கும் வேலை வேறு. இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. அம்மம்மா முகம் சுளிக்கும்போது "தண்ணீர் உப்பாகிவிட்டது" என்று குரலும் சொன்னால் ஒரு வரி வீண். ஆறுதலாக வாசித்தால், முப்பது செக்கனுக்குள் தமிழில் ஐம்பது சொல்லுக்கு மேல் போக ஏலாது. எங்கட சொற்கள் நீளம். நான் போனில் ஸ்டொப்வோச் வைத்து, சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மனதுக்குள் வாசித்தால் எல்லா ஸ்கிரிப்டும் இருபது செக்கன்தான் வரும்!

கிளாஸ் விளையாட்டைக் குசினியிலேயே செய்து பார்க்கலாம். முதலில் சாயம் போட்ட உப்புத்தண்ணீர். அதற்கு மேலே ஒரு கரண்டியின் முதுகில் விழுகிற மாதிரி நல்ல தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். சிரிஞ்சின் நுனியைச் சிவப்புக்குச் சற்று மேலே பிடித்து மெல்ல இழுத்தால் தெளிந்த தண்ணீர்தான் வரும். வெடுக்கென்று இழுத்தால் சிவப்பு ஏறும். இழுக்கிற வேகம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால்தான் இந்தக் காட்சியைத் தெரிந்தேன்.

கடைசி வரியில்தான் சண்டை வந்தது. குழுவில் ஒரு தோழி கேட்டாள்: "ஊற விட்டு இறைச்சாலும், நாள் முழுக்க இறைச்சா மொத்தத்தில குறையும்தானே?" அவள் சொன்னது சரி. மழை இறக்கிற அளவை விடக் கூட எடுத்தால், மெல்ல எடுத்தாலும் நல்ல தண்ணிப் படை மெலியும். ஆனால் இரண்டு கோரிக்கை வைத்தால் பார்க்கிறவருக்கு ஒன்றும் நிற்காது. வெங்காயத் தோட்டம் செய்யிற ஒருத்தரிடம் "குறைய இறையுங்கோ" எண்டால், பயிர் வாடினால் ஆர் பொறுப்பு எண்டு கேட்பார். இடைவிட்டு இறைக்கச் சொன்னால் அதை நாளைக்கே செய்யலாம். அதனால் அந்த வரியை விடவில்லை.

சரிபார்க்க ஒரு வழி இருக்கு: சத்தத்தை நிறுத்திப் படத்தை மட்டும் காட்டுவது, பிறகு படத்தை மறைத்துக் குரலை மட்டும் கேட்க விடுவது. தோட்டம் செய்யிற மாமாவுக்குப் போனில் எடுத்த மாதிரி வீடியோவைச் சத்தமில்லாமல் காட்டினேன். கிளாஸ் விளங்கியது, தேத்தண்ணி விளங்கியது. சுவிட்ச் வந்ததும், "கரண்ட் மிச்சம் பிடிக்கச் சொல்லுறியளோ?" எண்டார்.

பிறகு அவரே சொன்னார்: "பம்பை நிப்பாட்டினாப் பிறகு கிணத்துக் கல்லைப் பார். தண்ணி வத்தின அளவுக்கு ஈரம் தெரியும். ஊற ஊற அந்த ஈரக்கல்லு மூடுப்படும். அதைக் காட்டன்."

இப்போது கடைசி ஆறு செக்கனில் இரண்டு செக்கன் சுவிட்சுக்கு. மிச்சம் நாலும், வேகப்படுத்திய காட்சியில் ஈரக்கல்லை மூடிக்கொண்டு ஏறுகிற தண்ணீருக்கு. கிணற்றுக் கட்டில் போனை ஆடாமல் கட்டி வைக்க ஒரு கயிறு தேடிக்கொண்டிருக்கிறோம்.