அலமாரிக்கு ஒரே தாள்

தச்சு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உளி பிடிக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் பேச்சைப் படிக்கச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மரம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு அம்மா படுக்கையறைக்குத் துணி அலமாரி கேட்டார். முதலில் 7 அடி அகலம், 24 அங்குல ஆழம், வெள்ளை மைக்கா, திறக்கும் கதவு, கதவின் உள்பக்கம் கண்ணாடி என்றார். கட்டில் இடிக்கும் என்று பிறகு ஸ்லைடிங் கதவுக்கு மாறினார். அடுத்து நிறம் தேக்கு மாதிரி வேண்டும் என்றார். நடக்க இடம் போதாது, ஆழம் 20 அங்குலம் போதும் என்றார். கடைசியில் ஒரு வரி: "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்."

இதைச் சுருக்கும்போது கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. முதலில் மேலிருந்து கீழே ஒருமுறை முழுக்கப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும், அதாவது அளவு, கதவு, நிறம், கண்ணாடி எல்லாவற்றுக்கும், கீழிருந்து மேலே போய்க் கடைசியாக இருவரும் ஒப்புக்கொண்டது எது என்று தேடுங்கள். "வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது ஒப்புதல் ஆகாது. பதில் வராத யோசனையும் அப்படித்தான்.

அடுத்த வேலைதான் கடினம். ஒன்று மாறினால் அதோடு சேர்ந்து வேறொன்றும் சத்தமில்லாமல் மாறிவிடும். ஸ்லைடிங் கதவின் உள்பக்கம் கண்ணாடி வைத்தால் யாரும் பார்க்க முடியாது. அது வெளிப்பக்கம் வந்தாக வேண்டும். அந்தக் கதவின் தடமே ஏறக்குறைய 3 அங்குலத்தைத் தின்றுவிடும். ஆழம் 20 என்றால், பின்பலகையும் போக, உள்ளே ஏறக்குறைய 16 அங்குலம்தான் மிஞ்சும். சட்டை மாட்டும் ஹேங்கரோ 17, 18 அங்குலம். கதவு மூடாது. அந்த அம்மா இதைச் சொல்லவே இல்லை. அவர் சொன்ன இரண்டு வரிகளும் சேர்ந்து சொல்கின்றன.

இப்படி முட்டும் இடத்தில் நாமாக முடிவெடுப்பது நியாயமில்லை. பணம் அவருடையது, வீடும் அவருடையது. நேராகக் கேட்டுவிட வேண்டும்: "பழையபடி என்றது நிறத்தையா, ஆழத்தையா? 20 அங்குலத்தில் ஹேங்கர் நிற்காது. 24 வைக்கட்டுமா, இல்லை மடித்து வைக்கத் தட்டு மட்டும் போதுமா?" நிறத்தைத்தான் சொன்னேன் என்றார், ஹேங்கர் வேண்டும், 24 வையுங்கள் என்றார்.

பிறகு புதிய தாளில் தேதி போட்டு எழுதினோம்: அகலம் 7 அடி, ஆழம் 24 அங்குலம், ஸ்லைடிங் கதவு, வெள்ளை மைக்கா, கண்ணாடி வெளிப்பக்கம். தேக்கு நிறமும் 20 அங்குலமும் கைவிடப்பட்டவை என்று அடியில் தனியே குறித்தோம். பேச்சை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர் அந்த நிறத்தை வாங்கி வந்துவிடக் கூடாதல்லவா! எப்படி மாறி மாறி வந்தது என்ற கதையை மட்டும் தாளில் சேர்க்கவில்லை. அறுக்கும் ஆளுக்கு அது குழப்பம்.

"சரி" என்று அவர் எழுதி அனுப்பிய பிறகே பிளைவுட் அறுத்தோம். அதற்குப் பின்னும் மாற்றம் வந்தால் பழைய தாளின் ஓரத்தில் எழுதாதீர்கள். முழுத்தாளையும் புதிதாக எழுதி, புதுத் தேதி போட்டு, மறுபடி ஒரு "சரி" வாங்குங்கள். பழைய தாளைப் பட்டறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.