அரை நாளா, முழு நாளா?

போன வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் மதியத் தூக்கத்தில் இருந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். இன்வெர்ட்டர், யு.பி.எஸ். சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். "அண்ணே, நீங்க பேங்க்காரர், ஒரு நியாயம் சொல்லுங்க" என்றான். தூக்கம் போச்சு :-)

விஷயம் இதுதான். பொன்முடி போகும் வழியில் கல்லாற்றில் ஒரு தங்கும் விடுதி. கடையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா தாண்டி பைக்கில் ஒன்றரை மணி நேரம். பையன் 9 மணிக்குக் கிளம்பி 10.30க்குப் போய்ச் சேர்ந்தான். பேட்டரி அறைச் சாவிக்கு அரை மணி நேரம் காத்திருப்பு. ஒன்றரை மணி நேர வேலை. 2 மணிக்குத் திரும்பிவிட்டான்.

கடையின் கணக்கு, போகவர எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் வரை அரை நாள், 1800 ரூபாய். அதற்கு மேல் போனால் முழு நாள், 3000. இங்கே 5 மணி நேரம் ஆனதால் முழு நாள் பில் போட்டான். விடுதிக்காரர், "ஒன்னர மணிக்கூர் பணிக்கு ஒரு திவசத்தெ கூலியோ?" என்று மறுத்துவிட்டார்.

எனக்கு அவர் கேட்டதிலும் நியாயம் தெரிந்தது. 4 மணி நேர விதி நகரத்து வாடிக்கையாளருக்காகப் போட்டது. கல்லாற்றுக்குப் போகவரவே 3 மணி நேரம். மீதி ஒரு மணி நேரத்தில் எந்த வேலை முடியும்? அங்கே அரை நாள் என்பது பெயருக்குத்தான்!

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அன்று அந்தப் பையனை இன்னொரு வேலைக்கு அனுப்ப முடியுமா? 2 மணிக்குத் திரும்பினால் சாப்பிட்டுவிட்டு 3 மணிக்கு நகரத்தில் ஒரு வேலை பார்க்கலாம். அப்படியானால் அது அரை நாள். அந்த மதிய வேலை கைவிட்டுப் போனால்தான் முழு நாள். ஆகவே கல்லாற்றுக்கு, "இடத்தில் 2 மணி நேரம் வரை அரை நாள், அதற்கு மேல் முழு நாள், பயணம் அடக்கம்" என்று கிளம்பும் முன்பே எழுதி அனுப்பச் சொன்னேன். சாவிக்குக் காத்திருந்ததும் இடத்து நேரம்தான். வந்த நேரம், போன நேரம் எழுதி சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு வாதமே இல்லை.

"3000ல் பாதி 1500தானே?" என்று சிலர் கேட்பார்களாம். 90 கிலோமீட்டர் பெட்ரோல் அரை நாளானாலும் முழு நாளானாலும் ஒன்றுதானே! அதனால்தான் பாதிக்கு மேல்.

இந்தக் கணக்கில் 10.30 முதல் 12.30 வரை சரியாக 2 மணி நேரம், அரை நாள். ஆனால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3540க்கு பில் போய்விட்டதே? அதைக் கிழிக்கக் கூடாது. 1200ம் அதற்கான வரி 216ம் சேர்த்து 1416க்கு கிரெடிட் நோட் போடச் சொன்னேன். மீதி 2124 ரூபாய். பயணத்தைத் தனி வரியாகக் காட்டினால் வரி மிச்சமாகுமா என்றும் கேட்டான். ஆகாது, அதுவும் சேவையின் விலைக்குள்தான் வரும்.

புதன்கிழமை பணம் வந்துவிட்டதாம். அடுத்த தடவைக்கும் அவனையே வரச் சொல்லியிருக்கிறார்கள், சாவியைத் தயாராக வைத்திருப்பதாக வாக்குறுதியோடு!