படத்தின் மேல் நோயின் பெயர் எழுதியிருக்காது

குமணன்சாவடியில் நாங்கள் தங்கியிருக்கும் மாடி அறைக்கு ஜூனியர்கள் வருவது பெரும்பாலும் நோட்ஸ் கேட்டுத்தான். போன மாதம் வந்த மூன்றாம் வருடத்துப் பையன் மார்பு எக்ஸ்ரே நோட்ஸை வாங்கிப் புரட்டிவிட்டு, "அண்ணா, இதெல்லாம் படிச்சா புரியுது. ஆனா படத்தைக் கையில குடுத்தா எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றான்.

அவன் சொன்னது சரி. கோளாறு நோட்ஸின் வரிசையில் இருந்தது. வகுப்பில் முதலில் நோயின் பெயர் வரும்: நிமோனியா, நெஞ்சில் நீர், காசநோய். அதன் பிறகுதான் படம் வரும். வார்டில் நமக்குக் கிடைப்பது படம் மட்டும். எனவே நோட்ஸைத் தலைகீழாகத் திருப்பி, படத்திலிருந்து நோய்க்குப் போகிற மாதிரி ஒரே தாளில் எழுத உட்கார்ந்தேன்.

மூச்சுக்குழல், இதயம், நுரையீரல், உதரவிதானம் என்று பெயர்களை மட்டும் அடுக்கினால் பயனில்லை. 'இதயம்' என்ற சொல்லுக்கு நேரே யார் வேண்டுமானாலும் டிக் போட்டுவிடலாம். அதனால் ஒவ்வொரு வரியையும், படத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வியாக மாற்றினேன். 'இதயம்' என்ற வரி, 'இதய நிழலுக்குப் பின்னால் இடது உதரவிதானத்தின் கோடு முதுகெலும்பு வரை தொடர்கிறதா?' என்று ஆனது. கோடு நடுவில் மறைந்தால் இடது கீழ்மடலில் ஏதோ இருக்கலாம்.

முதல் நான்கு கேள்விகள் நோயைப் பற்றியவையே அல்ல. பெயரும் தேதியும் இந்த நோயாளியுடையவைதானா, இடது வலது குறி சரியா? முன்னாலிருந்து எடுத்ததா, பின்னாலிருந்தா? படுக்கையில் வைத்து முன்னாலிருந்து எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரியும். மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் இதயம் வீங்கியிருக்கிறது என்ற விதி அங்கே செல்லாது. மூச்சை நன்றாக இழுத்தாரா? பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்தாவது தெரிய வேண்டும். உடல் திரும்பியிருக்கிறதா? இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும்.

தாளை ஒரு பயிற்சிப் படத்தில் சோதித்துப் பார்த்தோம். ஐம்பது வயதுக்காரர், இரண்டு மாத இருமல். பார்த்ததுமே பையன் இடது கீழ்மூலையைக் காட்டி, "கோணம் மழுங்கியிருக்கு. நீர்" என்றான். கவனித்தது நல்ல விஷயம்தான். நின்றபடி எடுத்த படத்தில் அந்தக் கோணம் மழுங்க சுமார் 200 மில்லி நீராவது வேண்டும். பழைய தழும்பும் அப்படியே தெரியும், ஸ்கேன் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆபத்து வேறு இடத்தில். ஒன்று கிடைத்ததும் கண் தேடுவதை நிறுத்திவிடும். 1962-இலேயே டட்டன்ஹாம் என்ற அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதனால் தாளில் ஒரு விதி சேர்த்தோம்: முதலில் கண்ணில் பட்டதை ஓரத்தில் எழுதிவிட்டு, முதல் கேள்விக்குத் திரும்பு.

திரும்பினான். காறை எலும்புகள் சம தூரத்தில் இருந்தன. மூச்சுக்குழல் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. லேசாக வலப்பக்கம் சாய்வது இயல்பு. உடல் திரும்பியிருந்தாலும் அப்படித் தோன்றும். இங்கே உடல் திரும்பவில்லை, சாய்வும் அதிகம். அடுத்து, நுரையீரல் வேர்களில் இடதுதான் சற்று மேலே இருக்க வேண்டும். இங்கே வலது மேலே இருந்தது. ஆக, வலப்பக்க மேல்பகுதி எதையோ தன் பக்கம் இழுக்கிறது. கடைசியில் காறை எலும்புக்கு மேலே இரண்டு உச்சிகளையும் ஒப்பிட்டான். வலது உச்சி, எலும்பின் நிழலுக்குப் பின்னால், மங்கலாக இருந்தது. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உச்சியில் இன்னொரு பொறியும் உண்டு, நம்ம ஊரில் அடிக்கடி வருவது: சடை. பின்னலைத் தூக்கிக் கட்டாமல் எடுத்த படத்தில் அது உச்சியின் மேல் விழுந்து காசநோய்த் திட்டு போலவே தெரியும். நுரையீரலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துவரை அந்த நிழல் தொடர்கிறதா என்று பார்த்தால் போதும். நுரையீரலுக்குள் இருப்பது எல்லையைத் தாண்டாது.

அந்தப் படத்துக்கு, "அப்போ டிபின்னு எழுதிடலாமா?" என்று கேட்டான். சுருங்கிய உச்சி, என்றோ ஆறிய காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம், இப்போது நடக்கிற நோயாகவும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பழைய படம் இருந்தால் ஒப்பிட வேண்டும், சளியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதனால் தாளின் கடைசி வரியும் கேள்விதான்: 'பழைய படம் எங்கே?'