யன்னலின் அகலமும் திரைச்சீலையின் அகலமும்

ஒன்லைனில் திரைச்சீலை விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். வெள்ளைச் சுவர், பெரிய யன்னல், இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக விழுகிற துணி. அந்த மடிப்புக்கு எவ்வளவு துணி போயிருக்கிறது என்று படம் சொல்லாது. கீழே சின்ன எழுத்தில் இருக்கிற இரண்டு எண்கள்தான் சொல்லும்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. மேற்குப் பார்த்த யன்னல். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே வரும். படம் திரையிடவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. கையில் இருந்தது எல்லாரும் போட்டுச் சேர்த்த காசு. பிழையான சாமான் வந்தால் இன்னொரு தரம் சேர்க்க முடியாது. அதனால் படத்தைப் பார்க்க முதல் அளவு நாடாவை எடுத்தோம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது: திரைச்சீலைக்கு அளக்க வேண்டியது யன்னலை இல்லை, கம்பியை. எங்கள் யன்னல் 58 அங்குல அகலம். ஆனால் கம்பி யன்னலோடு முடிந்தால் இரண்டு ஓரத்தாலும் வெயில் கசியும். பக்கத்துக்கு 8 அங்குலம் நீட்டினோம். 58உம் 16உம், ஆக 74. உயரத்திலும் அப்படித்தான். யன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 84 அங்குலம். கம்பியை அதற்கு மேலே 6 அங்குலம் தள்ளி, 90இல் போடுவதாக முடிவு. (அந்த இடம் கொங்கிறீற் லிண்டல். சாதாரண துளைகருவி அதில் வழுக்கும், ஹமர் ட்ரில் வேண்டும். வீட்டுக்கார மாமியிடம் முதலே கேட்டோம். “ரெண்டே ரெண்டு ஓட்டை எண்டா சரி பிள்ளையள்” என்றா. நடுவில் கம்பி தொய்யாமல் இருக்க மூன்றாவது பிடி வேண்டும் என்று சொல்லி இன்னொரு ஓட்டையும் வாங்கினோம்.) பழைய வீடுகளில் தரை மட்டமாக இருக்காது. இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் தரை வரை அளந்து, குறைந்த அளவை எடுக்கவேண்டும். எங்களுக்கு அந்தக் குறைந்த அளவுதான் 90.

இனி துணி. 74 அங்குலக் கம்பிக்கு 74 அங்குலத் துணி போட்டால் இழுத்துக் கட்டிய போர்வை மாதிரி இருக்கும், மடிப்பு வராது. கம்பியின் அளவைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், இரண்டு மடங்கு என்றால் வடிவு. அதாவது 111இலிருந்து 148 அங்குலம் வரை. நாங்கள் பார்த்த துணி கடும் நீலத் தடித்த பருத்தி. தலைப்பில் “4 × 8 அடி” என்றிருந்தது, விவரத்தில் “120 × 240” என்று அலகு போடாமல் இருந்தது. சென்ரிமீற்றர் என்றால் அது 4 அடி 8 அடி இல்லை; ஏறக்குறைய 47¼ × 94½ அங்குலம். 8 அடி என்றால் 96. அந்த ஒன்றரை அங்குலம் ஏன் பெரிய விஷயம் என்று பிறகு வரும்.

படத்தில் இரண்டு சீலை, விலையோ ஒன்றுக்கு. இரண்டு வாங்கினால் 94½ அங்குலம், ஒன்றேகால் மடங்கு சொச்சம்தான். மூன்று வாங்கினால் கிட்டத்தட்ட 142. மூன்று என்று முடிவெடுத்தோம். ஒரு பக்கம் ஒன்று, மற்றப் பக்கம் இரண்டு. மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஓடர் போட முதல் விற்பனையாளரிடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேட்டோம்: 240 என்பது சென்ரிமீற்றரா, வளையத்துக்கு மேலே நிற்கிற துணியும் அதற்குள் அடக்கமா? இரண்டுக்கும் “ஓம்” என்று பதில் வந்தது. வளையம் வைத்த சீலையில் கம்பிக்கு மேலே ஒன்றரை அங்குலம்போலத் துணி நிற்கும். ஆகவே 90இல் கம்பி என்றால் சீலையின் உச்சி 91½. தரையில் புரளாமல் அரை அங்குலம் விட்டால் எங்களுக்கு வேண்டிய நீளம் 91.

வருவது 94½, வேண்டியது 91. மூன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால் சரிதானே என்று தோன்றும். இங்கேதான் திருப்பிக் கொடுக்கும் விதியும் துணியின் குணமும் ஒன்றையொன்று முட்டுகின்றன. பருத்தி முதல் தோய்ப்பில் 3இலிருந்து 5 வீதம் வரை சுருங்கலாம். நாலு வீதம் என்று வைத்தால் 94½ அங்குலம் ஏறக்குறைய 90¾ ஆகிவிடும். முதலே 91க்கு வெட்டித் தைத்தால், தோய்த்த பிறகு ஏறக்குறைய 87¼ அங்குலம்தான் மிஞ்சும். ஆகவே தைக்க முதல் தோய்க்க வேண்டும். ஆனால் தோய்த்த துணியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

கீழ்வீட்டு அக்காவுக்கு நடந்தது இதுதான். வேறொரு இடத்தில் வாங்கின சீலை, வந்த அன்றைக்கே புதுத்துணி வாசம் போகட்டும் என்று தோய்த்துவிட்டா. பிறகு தொங்கவிட்டால் ஒன்று மற்றதைவிட நாலு அங்குலம் கட்டை. அது அவர்கள் வெட்டின பிழையோ, தோய்ப்பில் சுருங்கினதோ என்று காட்ட அவவிடம் ஒன்றுமில்லை. “தோய்ச்சதை எடுக்கமாட்டினமாம்” என்று சொல்லிவிட்டு அதைக் குசினி வாசலுக்குப் போட்டிருக்கிறா.

நாங்கள் வாங்கிய இடத்தின் விதியில் நாலு விஷயம் இருந்தது. கையில் கிடைத்து ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும். லேபலும் பையும் அப்படியே இருக்கவேண்டும். மனம் மாறினால் எடுக்கமாட்டார்கள். கையால் அளப்பதால் 2 சென்ரிமீற்றர் வரை கூடக் குறையலாம். இதில் மூன்றாவதை ஆறுதலாக வாசிக்கவேண்டும். எழுதிய அளவிலேயே சீலை வந்து, உங்கள் யன்னலுக்குப் பொருந்தாவிட்டால், அது அவர்களின் கணக்கில் “மனம் மாறியது”. எழுதிய அளவில் வராவிட்டால் மட்டும்தான் அவர்களின் பிழை. ஆக, எழுதியிருந்தது என்ன என்பதற்குச் சான்று உங்களிடம் இருக்கவேண்டும். விற்பனைப் பக்கத்தை எந்நேரமும் மாற்றலாம். ஓடர் போட்ட அன்றைக்கே அதையும் அவர்களின் “ஓம்” பதிலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தோம். அளவுக்குத் தைத்துத் தருகிற சீலைக்கு இந்த ஏழு நாளும் பெரும்பாலும் கிடையாது, அதையும் கவனியுங்கோ.

பொதி வந்ததும் பிரிப்பதைப் போனில் படம் பிடித்தபடி, மூன்றையும் பாயில் விரித்து, நாடாவையும் பக்கத்தில் வைத்து அளந்தோம். இரண்டு 94½, ஒன்று 94. விதி விட்ட 2 சென்ரிமீற்றருக்குள்தான். லேபல் கழற்றாமல் கம்பியில் கோத்து இரண்டு பின்னேரம் பார்த்தோம். வெயில் வரவில்லை, நிறமும் பிடித்தது. ஐந்தாம் நாள்தான் லேபலைக் கழற்றித் தோய்த்தோம். காய்ந்த பிறகு நீளமானது 90¾. கத்தரிக்கோலுக்கு வேலையே வரவில்லை. 96 அங்குலம் என்று நம்பிக் கம்பியை இன்னும் ஓர் அங்குலம் ஏற்றிப் போட்டிருந்தால் கீழே வெயில்கோடு ஒன்று விழுந்திருக்கும்.

எழுதிய அளவிலும் வராமல், விற்பனையாளரும் கையை விரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. நுகர்வோரை ஏமாற்றுகிற, பிழையாக வழிநடத்துகிற வியாபார நடத்தையை அந்தச் சட்டம் தடை செய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கேயும் பற்றுச்சீட்டும் அந்த ஸ்கிரீன்ஷொட்டும்தான் கை கொடுக்கும்.

அடுத்ததாக நிலவிரிப்பு வாங்குவோமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. நீள அகலம் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், தடிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் அறைக் கதவு உள்ளே திறக்கிறது. கதவுக்கும் தரைக்கும் இடையில் இருப்பது ஒரு சென்ரிமீற்றர்.