அனுப்புமுன் மூன்று முறை வாசியுங்கள்



நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் பண்டிகை அறிவிப்புகளை எழுதும் பொறுப்பு உங்களில் பலருக்கு மாறி மாறி வருகிறது. எழுதியதை அனுப்புமுன் என்னிடம் ஒருமுறை காட்டும் வழக்கமும் இருக்கிறது. நான் அதில் எதைத் தேடுகிறேன் என்று வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். 2025-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகைக்காக வந்த வரைவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவரின் சம்மதத்தோடுதான். அவர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் நாற்பது வரிக்கு மேல் போகும் எந்த அறிவிப்பிலும் கண் வழுக்கிச் செல்லும் இடங்கள் உண்டு.

ஒரு அறிவிப்பைப் பொருள் விளங்க வாசிக்கும்போது நம் மனம் பிழைகளைத் தானே திருத்திக்கொண்டு கடந்துவிடும். ஆகையால் நான் மூன்று முறை வாசிப்பேன். முதல் முறை தேதியும் நேரமும் மாத்திரம். இரண்டாம் முறை இடமும் தொலைபேசி எண்ணும் மாத்திரம். மூன்றாம் முறைதான் வார்த்தைகள்.

அந்த வரைவின் தலைப்பில், "செப்டம்பர் 19 முதல் 22 வரை மூன்று நாட்கள்" என்றிருந்தது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 19, 20, 21, 22. நான்கு நாட்கள்! இப்படி "முதல், வரை" என்று எழுதும்போது இரு முனைகளும் சேர்ந்தே எண்ணப்படும் என்பது மறந்துபோகிறது. கீழே இறங்கினால், "22 ஞாயிறு காலை 8.30 மணிக்கு ஸ்தோத்திர ஆராதனை" என்றிருந்தது. நாட்காட்டியைத் திறந்தேன். 2025-இல் செப்டம்பர் 21 தான் ஞாயிறு, 22 திங்கட்கிழமை.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பிழையே சொல்லிவிட்டது. 2024-இல் செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை. முந்தின ஆண்டின் அறிவிப்பை நகலெடுத்து, ஆண்டை மாற்றியவர், அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டிருக்கிறார். ஆண்டுக்கு 365 நாட்கள். அது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அதே தேதி ஒரு கிழமை தள்ளி வரும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். தேதியும் கிழமையும் ஒரு நாள் விலகி நின்றால், அது பழைய அறிவிப்பின் எச்சமோ என்று முதலில் சந்தேகியுங்கள். அப்படியானால் வேறு எச்சங்களும் இருக்கக்கூடும். அந்த வரைவிலேயே, முந்தின ஆண்டில் செய்தி கொடுத்த போதகரின் பெயர் இறுதிப் பத்தியில் இன்னும் உட்கார்ந்திருந்தது.

கிழமையும் தேதியும் முரண்படும்போது திருத்துகிறவர் தானாக ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கூடாது. "பண்டிகை ஞாயிறுதானே, 21 என்று மாற்றிவிடுவோம்" என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் செயலாளரை அழைத்துக் கேட்டபின்புதான் மாற்றினோம். வேறொரு ஊரின் சபையில் (பெயர் வேண்டாம்) தலைப்பில் ஞாயிறு என்றும், கீழே திங்களுக்குரிய தேதியும் போட்டு அறிவிப்பு போய்விட்டது. உள்ளூரில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களுக்குத்தான் தெரியுமே. வெளியூரில் வேலை பார்க்கும் ஒருவர் தேதியை நம்பி விடுப்பு எடுத்து, நடக்க முடியாத தம் தாயாரை வாடகைக் காரில் அழைத்து வந்து இறங்கியபோது, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தத் தாயார் அந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றவர். அறிவிப்பை நம்பி வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் வெளியே இருப்பவர்கள்தான்.

அடுத்தது, இன்னும் நுட்பமான பிழை. "காணிக்கைப் பொருட்களை வரும் சனிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்." வரைவு எழுதப்பட்டது செப்டம்பர் 10, புதன். அன்று வாசிக்கிறவருக்கு "வரும் சனி" என்பது 13. ஞாயிறு அன்று குழுவைத் திறப்பவருக்கு அது 20. "நாளை", "நாளை மறுநாள்", "அடுத்த வாரம்" எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பி, அவர் தம் அக்காவுக்கு அனுப்பும்போது, பெறுகிறவரின் திரையில் தெரிவது அது தமக்கு வந்துசேர்ந்த நாளே தவிர, நீங்கள் எழுதிய நாள் அன்று. "சனிக்கிழமைக்குள்" என்பதிலும் ஐயம் உண்டு. சனி இரவு ஒன்பது மணிக்கு வாழைத்தாரோடு வருகிறவர் பூட்டிய கதவைக் காண்பார். ஆகவே, "செப்டம்பர் 20, சனி, மாலை 6 மணி வரை" என்று எழுதினோம். மாதத்தை எழுத்திலேயே எழுதுங்கள். 5.10 என்று போட்டால், அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அதை மே 10 என்று வாசிக்கும் பழக்கத்துக்கு வந்திருப்பார்கள்.

நள்ளிரவைக் குறித்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருட இறுதி ஆராதனைக்கு "31 இரவு 12 மணி" என்று எழுதினால், அது 31 தொடங்கும் இரவா, முடியும் இரவா என்று கேட்க இடமுண்டு. நம் பெரியவர்கள் "புதன் இரவு, விடிந்தால் வியாழன்" என்று சொல்லும் வழக்கம் எவ்வளவு தெளிவானது! எழுத்தில், "டிசம்பர் 31, புதன் இரவு 11.30" என்று தொடங்கும் நேரத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

இடத்துக்கு வருவோம். "அசன விருந்து நமது ஹாலில்" என்றிருந்தது. நமக்கு ஆலயத்தின் பின்னே பழைய பள்ளிக்கூட ஹாலும், சாலைக்கு எதிர்ப்புறம் புதிய ஹாலும் இருக்கின்றன. "நமது" என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, "விருந்தாளி ஒருவருக்கு இது விளங்குமா?" என்று கேளுங்கள். ஆராதனைக்கும் விருந்துக்கும் இடம் வேறானால், இரண்டையும் தனித்தனியே அந்தந்த நேரத்தின் அருகிலேயே எழுத வேண்டும்.

வரைபட இணைப்பை அனுப்புமுன், வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். வீட்டில் இருந்தபடி "இப்போதுள்ள இடம்" என்பதை அழுத்தி அனுப்பினால், விருந்தினர் எல்லோரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். நேரலை இடப்பகிர்வோ, கூடியது எட்டு மணி நேரத்தில் நின்றுவிடும். அறிவிப்புக்கு அது உதவாது. தொலைபேசி எண்ணைக் கண்ணால் ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், பத்து இலக்கம் இருக்கிறதா என்று எண்ணி, அறிவிப்பில் உள்ள எண்ணையே தொட்டு அழைத்துப் பாருங்கள். எடுத்துப் பேசுகிறவரிடம், தம் பெயர் அறிவிப்பில் வருவது தெரியுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். அந்த வரைவில் குறிப்பிடப்பட்டிருந்த இருவரில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இனி மூன்றாம் வாசிப்பு. எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான்.

ஏலத்தைப் பற்றிய பத்தியில் இப்படி இருந்தது: "சென்ற ஆண்டு ஏலத்தில் பொருள் எடுத்துவிட்டு இன்னும் பணம் கட்டாத சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இம்முறை ஏலம் கேட்க வேண்டாம்!!" பொருளாளரின் வருத்தம் நியாயமானது, கணக்கை முடிக்க முடியாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் குழுவில் "சிலர்" என்று எழுதியவுடனே, யார் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு தொடங்கிவிடும். பாக்கி வைத்தவை நான்கு குடும்பங்கள். அவற்றில் ஒன்றில் அந்த ஆண்டு அறுவைச் சிகிச்சைச் செலவு. பெயர் எழுதாவிட்டாலும் அவர்கள் தங்கள் பெயரை அந்த வரியில் வாசித்துக்கொள்வார்கள்; பண்டிகைக்கே வரமாட்டார்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் முதல் படியாகச் சொன்னது, நீயும் அவனும் தனித்திருக்கும்போது பேசு என்பதே. அந்த வரியை எடுத்துவிட்டோம். பொருளாளரும் நானும் அந்த நான்கு வீடுகளுக்கும் மாலைநேரத்தில் போய் வந்தோம். மூவர் தவணை சொன்னார்கள், ஒருவர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். அறிவிப்பில், எல்லோருக்கும் பொதுவாக, "ஏலத்தொகையை அன்றே செலுத்தலாம், இயலாதோர் அக்டோபர் 5, ஞாயிறு ஆராதனை முடியும்வரை செலுத்தலாம்" என்று மாத்திரம் நின்றது.

"ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது 1,000 ரூபாய்" என்ற வரி வேறு வகை. இது எழுதியவரின் நடையா, கமிட்டியின் தீர்மானமா? தீர்மானமானால் அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தோம். "இயன்றவர்கள் 1,000 ரூபாய் கொடுக்கலாம்" என்றே இருந்தது. "குறைந்தது" என்பது வழியில் ஏறிக்கொண்ட சொல்.

தமிழில் "வரவும்", "ஒப்படைக்கவும்", "தவிர்க்கவும்" என்ற முடிவுகள் அலுவலகப் பலகையின் குரலை உடையவை. பொருளை எங்கே கொடுப்பது என்று சொல்ல அது பொருந்தும், அழைப்புக்குப் பொருந்தாது. அதனால் "அனைவரும் வரவும்" என்பதை "அனைவரும் வாருங்கள்" என்று மாற்றினோம். "சிறுபிள்ளைகளைப் பெற்றோர் கட்டுப்படுத்தவும்" என்ற வரியை வாசிக்கும் இளம் தாய், வராமலிருப்பதே மேல் என்று நினைத்துவிடுவார். அதற்குப் பதிலாக, "சிறுபிள்ளைகளோடு வருவோருக்குப் பக்கத்து அறை திறந்திருக்கும்" என்று எழுதலாமா என்று கேட்டேன். அறையின் சாவி யாரிடம், மின்விசிறி ஓடுகிறதா என்று விசாரித்த பின்புதான் அந்த வரியைச் சேர்த்தோம்.

எல்லாம் முடிந்தபின், கமிட்டியில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். ஒரு பாட்டி வாசித்தார்கள். "எந்த நாள், எத்தனை மணி, எங்கே சாப்பாடு?" என்று கேட்டோம். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் மீண்டும் மேலே தேடினார்கள். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்து வைத்துவிடும். தொட்டால்தான் மீதி விரியும். ஆகவே நாள், நேரம், இடம் மூன்றையும் முதல் ஐந்து வரிக்குள் கொண்டுவந்து, வாழ்த்துரையைக் கீழே இறக்கினோம். தடித்த எழுத்து தேதிக்கு மாத்திரம். நட்சத்திரக் குறி எழுத்தை ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் குறி மட்டும் தெரியும், எழுத்து தடிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை ஒன்று போய்விட்டால், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். ஆனால் அதற்குள் மற்றவர்கள் வேறிடங்களுக்கு அனுப்பிய பிரதிகள் திருந்தாது. அவை பழைய தேதியோடே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது மௌனமாகத் திருத்திவிட்டு இருக்காதீர்கள். "திருத்தம்" என்று தொடங்கும் சிறு செய்தி ஒன்றைத் தனியே அனுப்புங்கள். அதில் சரியான நாளும் கிழமையும் மாத்திரம் இருக்கட்டும்; தவறான தேதியை மீண்டும் எழுதினால், அவசரமாக வாசிப்பவர் அதையே நினைவில் வைத்துக்கொள்வார். முதல் அறிவிப்பை யார் யாருக்கு அனுப்பினார்களோ, அவர்களுக்கே இதையும் அனுப்பும்படி கடைசி வரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.