கோல் எடுக்கப் பயந்தவர்களுக்கு ஒரு சின்ன உழைப்பு



"வீட்டில இருந்து ஏதாவது செய்யலாமா சேர்? ஆனா ஆக்களோட கதைச்சு விலை பேச நமக்கு ஏலாது" என்று ஒரு தம்பி கேட்டார். நாங்களும் அந்த ரகம்தான். கோல் அடித்து நின்ற பிறகுதான் போனைத் தொடுவோம். எங்களுக்குச் சரிவந்தது தமிழ் வினாத்தாள் டைப்பிங். ஆசிரியர்கள் கையால் எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் டைப் பண்ணி அனுப்புவோம்.

ஆரம்பத்தில் விலையை வாயால் சொன்னோம். "நம்மட ஆள்தானே, பார்த்துப் போடுங்க" என்றதும் பாதிக்கு இறங்கிவிடுவோம். பிறகு வட்ஸ்அப் பிஸ்னஸ் போட்டு, அதிலுள்ள Greeting message-இல் விலையை எழுதி வைத்தோம். புதிதாக மெசேஜ் போடுபவருக்கு அது தானாகவே போகும்: ஏ4 பக்கம் 100 ரூபா, படம் ஒன்று 50 ரூபா, ஒரு தடவை திருத்தம் இலவசம், கோல் வேண்டாம். யாராவது குறைக்கச் சொன்னால் அதே மெசேஜைத் திரும்ப அனுப்புவோம். வேறு பேச்சில்லை.

காசு கேட்கவும் வெட்கம்தான். அதனால் முதலில் பக்கத்துக்குக் குறுக்கே "மாதிரி" என்று எழுதிய பிரதியை அனுப்புவோம். வங்கி ஸ்லிப் வந்ததும் சுத்தமான பிரதி போகும்.

போன தவணை வந்த ஒரு தரம் 10 விஞ்ஞானத் தாளைச் சொல்கிறோம். 5 பக்கம், 3 படம், மொத்தம் 650 ரூபா. எடுத்த நேரம் மூன்றரை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 185 ரூபா அளவில்தான் வருகிறது. வேலையும் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில்தான் குவியும். இதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

எங்களை ஒருமுறை தலைகுனிய வைத்தது எழுத்துரு. பாமினியில் டைப் பண்ணிய வேர்ட் பைலை அப்படியே அனுப்பினோம். பிரின்டிங் கடைக் கணினியில் பாமினி இல்லை. "தமிழ்" என்ற சொல் jkpo; என்று தெரிந்தது. தாள் முழுக்க அப்படித்தான். அடுத்த நாள் காலை பரீட்சை. அன்றுதான் வேறு வழியில்லாமல் கோல் எடுத்துப் பேசினோம். இப்போது அச்சுக்குப் போவதை பீ.டி.எப். ஆக்கி, எங்கள் போனில் திறந்து பார்த்துவிட்டே அனுப்புகிறோம். வேர்ட் பைல்தான் வேண்டும் என்பவருக்கு யுனிகோடில் டைப் பண்ணிக் கொடுக்கிறோம்.

வாசிக்க முடியாத கையெழுத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த இடங்களை மஞ்சளாக்கி, எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் கேட்க வேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தால் பிள்ளையின் விடையே பிழைக்கும்.

கடைசியாக ஒன்று. பரீட்சைத் தாள் அமானிதம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளோ வீட்டுப் பிள்ளைகளோ எழுதப்போகும் தாளை நாங்கள் எடுப்பதில்லை. மற்றத் தாள்களும் பரீட்சை முடியும் வரை பாஸ்வேர்ட் போட்ட போல்டரில்தான் இருக்கும். தாள் ஒருமுறை வெளியே போனால் இந்தத் தொழிலும் போய்விடும், பெயரும் போய்விடும்.

அந்தத் தம்பிக்கு நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே எழுதினோம்.