எட்டு வினாடியும் ஒரு பிளேன்ரீயும்

கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறோம் என்று சொன்னால், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "கோடிங் ஆர் செய்யிறது?" என்பதுதான். அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் கேம் இருக்கிறது. மட்டைத் துண்டுகளிலும் சோடாப் போத்தல் மூடிகளிலும் ஃபோனில் இருக்கிற ஸ்டொப்வொச்சிலும் இருக்கிறது. இரவு நேரக் கொத்துக்கடை ஒன்றை ஒரே ஆளாக நடத்தவேணும், அவ்வளவுதான் கதை.

இந்த வகைக் கேம் புதிசில்லை. 2004இல் வந்த டைனர் டாஷில் ஃப்ளோ என்ற பெண் மேசை மேசையாக ஓடுவாள், காத்திருக்கிற ஆட்களின் தலைக்கு மேலே இதயங்கள் ஒவ்வொன்றாகக் குறையும். 2016இல் வந்த ஓவர்குக்ட்டை நண்பர்களோடு விளையாடிச் சண்டை பிடிக்காதவர்கள் குறைவு. எலும்புக்கூடு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஆள் வருவார், ஓடர் சொல்லுவார், அவருக்கு ஒரு அளவு பொறுமை இருக்கும். உங்களுக்கு இருப்பது இரண்டு கை.

எங்கட கேமில் பொறுமை என்பது ஆறு மூடி. பத்து வினாடிக்கு ஒரு மூடியை எடுப்போம். அறுபதாவது வினாடியில் மூடி முடிந்தால் ஆள் எழும்பிப் போய்விடுவார். ஒரு கொத்துப் போட இருபது வினாடி. கல்லில் ஒரு நேரத்தில் ஒரு குவியல்தான்.

இனி, நெருக்கடியை எப்படிக் கூட்டுவது? ஆட்களை வேகமாக அனுப்பலாம் என்பதுதான் உடனே தோன்றுகிற பதில். அதைக் கணக்குப் பார்த்தோம். பதினெட்டு வினாடிக்கு ஒருவர் வந்தால், ஒவ்வொருவரும் தனக்கு முதல் வந்தவரைவிட இரண்டு வினாடி கூடக் காத்திருப்பார். முதல் இருபது பேர்வரை ஒரு பிரச்சினையும் வராது. அதுக்குப் பிறகு வரிசை அறுபது வினாடியைத் தாண்டும், விளையாடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆட்கள் போகத் தொடங்குவார்கள். அதாவது முதல் ஆறு நிமிசம் அலுப்பு, அதுக்குப் பிறகு அநியாயம். இடையில் விளையாட்டு என்று ஒன்று இல்லை.

நெருக்கடி வேகத்தில் இல்லை, வேலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதில் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது கொத்து எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தபோதுதான். எங்களில் ஒருத்தன் போர்டிங் காசுக்காகப் பின்னேரங்களில் ஒரு கொத்துக்கடையில் வேலை செய்கிறான். அவன் சொன்னது: "எல்லா வேலையும் கையைக் கட்டிப்போடாது மச்சான். சிலது தன்பாட்டில நடக்கும். அந்த நேரத்தில நீ என்ன செய்யிறாய் எண்டதுதான் வேலை."

ஆகவே இருபது வினாடியை இரண்டாகப் பிரித்தோம். மரக்கறியும் முட்டையும் கல்லில் வதங்குவதற்கு எட்டு வினாடி. அந்த நேரம் நீங்கள் விலகிப் போகலாம். பிறகு ரொட்டியைப் போட்டு இரண்டு தகட்டாலும் கொத்துவதற்குப் பன்னிரண்டு வினாடி. அப்போது அசையமுடியாது. வதங்கி முடிந்து இரண்டு வினாடிக்குள் வராவிட்டால் கருகிவிடும்.

பக்கத்தில் தேத்தண்ணி மேசை. போக ஒரு வினாடி, ஊற்றிக் கொடுக்க ஐந்து, வர ஒன்று. மொத்தம் ஏழு. எட்டு வினாடி இடைவெளிக்குள் ஒரு பிளேன்ரீ சரியாக அடங்குகிறது. ஒரு பிளேன்ரீ கிடைத்தவருக்கு ஒரு மூடி திரும்பக் கிடைக்கும்.

இதை வைத்து நாங்கள் அமைத்த ஒரு கட்டம் எங்களுக்கு நல்லாப் பிடிக்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் வருகிறார்கள். முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் முட்டைக் கொத்து. இரண்டாமவருக்குக் கோழி. நாலாமவருக்கு மரக்கறி. வந்த ஒழுங்கில் போட்டால் இருபது, நாற்பது, அறுபது, எண்பது. மூன்றாமவர் கடைசி மூடியோடு தப்புவார், நாலாமவர் போய்விடுவார். கடையில் வேலை செய்கிறவன் இதைப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டு முட்டைக் கொத்தையும் ஆர் தனித்தனியாப் போடுறது?" உண்மைதான், ஒரே வகையென்றால் ஒரே குவியலாகப் போட்டுப் பிரித்துக் கொடுக்கலாம். வதங்குவதற்கு அதே எட்டு, கொத்துவதற்குப் பதினெட்டு, மொத்தம் இருபத்தாறு என்று வைத்தோம். இப்போது முட்டை இரண்டும் இருபத்தாறில், கோழி நாற்பத்தாறில், மரக்கறி அறுபத்தாறில். இன்னும் ஆறு வினாடி இடிக்கிறது. முட்டை வதங்குகிற இடைவெளியில் ஒரு பிளேன்ரீ ஊற்றி நாலாமவருக்குக் கொடுத்தால் அவருடைய பொறுமை எழுபது வினாடியாகும். நாலு பேரும் சாப்பிடுவார்கள்.

இதிலே சுவாரசியம் என்னவென்றால், தேத்தண்ணி கொடுக்கிற நேரத்தில் நாலு பேருக்கு முன்னாலும் ஒரே அளவு மூடிதான் இருக்கும். ஆருக்குக் கொடுக்கவேணும் என்று கேம் சொல்லாது. விடுதியில் விளையாடிப் பார்த்தவர்களில் அநேகர் முதலாமவருக்கே கொடுத்தார்கள், முன்னுக்கு நிற்கிறார் என்பதற்காக. அவருக்கு அது தேவையே இல்லை. தோற்ற பிறகு ஒரு அக்கா மட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கடைசி ஆளுக்கெல்லோ குடுத்திருக்கவேணும்" என்றா. எங்களுக்கு வேண்டியது அந்த வசனம்தான். தோற்றவர் "என்னால என்ன செய்யேலும்?" என்று கேட்டால் கட்டம் சரியில்லை என்று எழுதிவைப்போம். எதை முதலில் செய்திருக்கலாம் என்று தானாகச் சொன்னால் அந்தக் கட்டத்தைத் தொடமாட்டோம்.

அடுத்த கட்டத்தை இன்னும் கடினமாக்க ஆட்களைக் கூட்டவில்லை. தேத்தண்ணி மேசையைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். போக இரண்டு, வர இரண்டு. ஏழு வினாடி இப்போது ஒன்பதாகிவிட்டது. கருகுவதற்கு முன் மிஞ்சுவது ஒரு வினாடி. அதே நாலு பேர், அதே ஓடர், ஆனால் விளையாடுகிறவரின் கை நடுங்குகிறது. ஓவர்குக்ட்டில் குசினியே நடுவில் பிரிந்து விலகிப் போவது ஏன் அவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

இவ்வளவும் நல்லாத்தான் போனது. கடையில் வேலை செய்கிறவன் ஒருநாள் முழு இரவுக் கட்டத்தையும் விளையாடி வென்றான். வென்றுவிட்டுக் கேட்டான்: "சாப்பிட வாறவைக்கெல்லாம் மூடி வச்சிருக்கிறியள். கொத்துறவனுக்கு எங்க மூடி?"

பதில் சொல்ல எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. இந்த வகைக் கேம்களில் பொறுமை எப்போதும் வாடிக்கையாளருக்குத்தான். ஃப்ளோ களைக்கமாட்டாள்.

ஆகவே களைப்பைச் சேர்த்தோம். ஆறு கொத்துக்கு ஒருக்கால், கொத்துகிற நேரம் ஒரு வினாடி கூடும். பதினைந்து வினாடி கதிரையில் இருந்தால் பழையபடி பன்னிரண்டுக்கு வரும். இது ஆபத்தான விதி. களைத்தால் கை மெதுவாகும், மெதுவானால் வரிசை நீளும், நீண்டால் இருக்க நேரம் கிடைக்காது. அப்படியே விட்டால் ஒரு தடவை பிந்தியவர் எழும்பவே முடியாது. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இருபது வினாடி ஆள் வராமல் விட்டோம். பதினைந்து வினாடி இருந்து எழும்பினால் ஐந்து மிஞ்சும். இருக்கிறதா, அடுத்த கூட்டத்துக்கு மரக்கறி வெட்டுகிறதா என்பதை விளையாடுகிறவர் தீர்மானிக்கவேணும். கணக்காகப் பார்த்தால் இது நல்லா வேலை செய்கிறது.

ஆனால் அவனுக்கு இன்னும் திருப்தியில்லை. கடையில ஆள் இல்லாத நேரம் இருக்க விடமாட்டினம், கோப்பை கழுவச் சொல்லுவினம் என்கிறான். எங்களில் இன்னொருத்தி வேறு பக்கத்தால் வருகிறா: இருந்து எழும்பினால் வேகம் கூடும் என்று வைத்தால், ஓய்வும் வாடிக்கையாளருக்காகத்தான் என்று ஆகிவிடும், இருக்கிறதுக்கு ஒரு பலனும் வேண்டாம், சும்மா இருக்க விடுங்கோ என்கிறா. பலன் இல்லாவிட்டால் ஒருத்தரும் அந்தக் கதிரையைத் தொடமாட்டார்கள் என்பது மற்ற இரண்டு பேரின் வாதம். கதிரை மட்டை இப்போதைக்குக் கல்லுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை திரும்ப விளையாடிப் பார்க்கிறோம், ஒருக்கால் பலனோடு, ஒருக்கால் பலன் இல்லாமல்.